நல்ல ஆடிட் ஒர்க்கிங் பேப்பரில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? ரிவ்யூவர் எதைப் பார்த்து சைன்-ஆஃப் செய்கிறார்?

அந்த ஆடிட்டில் சம்பந்தப்படாத, ஆனால் தொழில் தெரிந்த இன்னொரு ஆடிட்டர் பேப்பரைப் படித்தே என்ன சோதித்தோம், என்ன ஆதாரம் கிடைத்தது, ஏன் இந்த முடிவுக்கு வந்தோம் என்று புரிந்துகொள்ள வேண்டும். சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 230 கேட்பது இதைத்தான். நேரில் வந்து விளக்கினால்தான் புரியும் என்றால் அந்தப் பேப்பர் இன்னும் முடியவில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். டிசம்பர் 31 அன்று ஒரு வாடிக்கையாளர் தர வேண்டியது கணக்குப்படி 8,40,000. கன்ஃபர்மேஷனில் அவர் ஒப்புக்கொண்டது 7,90,000. பல ஜூனியர்கள் "டைமிங் வித்தியாசம், சரி" என்று எழுதி டிக் போட்டுவிடுவார்கள். ரிவ்யூவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்த இன்வாய்ஸ், என்ன தேதி, சரக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, ஒப்பந்தப்படி சரக்கின் கட்டுப்பாடு எப்போது கைமாறுகிறது என்று எழுத வேண்டும். டிசம்பர் 29 இன்வாய்ஸ், ஜனவரி 3 டெலிவரி, டெலிவரியில்தான் கைமாறுகிறது என்றால் அது வெறும் டைமிங் அல்ல. 50,000 விற்பனை தவறான ஆண்டில் ஏறியிருக்கிறது. அதைப் பிழைகளின் பட்டியலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சரக்கு இருப்பில் சேர்ந்ததா, டிசம்பர் கடைசி வார இன்வாய்ஸ்களில் இதே பிழை வேறெங்காவது இருக்கிறதா என்றும் பார்த்து எழுத வேண்டும். இதையெல்லாம் பார்த்த பிறகு எழுதும் முடிவுக்குத்தான் மதிப்பு.

நான் ரிவ்யூ செய்யும்போது முதலில் பேப்பரின் நோக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் படிப்பேன். மொத்தத் தொகை டிரையல் பேலன்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் நேராக வித்தியாசங்களுக்குப் போவேன். சந்தேகம் வந்தால் ரிவ்யூ நோட்: "டெலிவரி சலான் பார்த்தீர்களா?" அதற்கு நோட்டிலேயே "பார்த்தேன்" என்று பதில் எழுதி மூடினால் ஏற்க மாட்டேன். பதில் பேப்பருக்குள் வர வேண்டும். தயாரித்தவர் திருத்தி, தேதியோடு மறுபடி சைன் செய்த பிறகுதான் என் சைன். நான் சைன் செய்த பிறகு யாராவது பேப்பரில் கை வைத்தால் அந்த சைன் செல்லாது, மறுபடி படிக்க வேண்டும்.

பார்ட்னர் எல்லாப் பேப்பரையும் பார்ப்பதில்லை. முக்கிய விஷயங்களையும், ஆடிட் குழு தன் கணிப்பை வைத்து எடுத்த பெரிய முடிவுகளையும் அவர் பார்த்தாக வேண்டும், அதுவும் அறிக்கைத் தேதிக்குள். அதன் பிறகு பொதுவாகக் கிடைக்கும் 60 நாட்கள் ஃபைலை ஒழுங்குபடுத்தி மூடுவதற்கு மட்டும்தான். விட்டுப்போன சோதனையைச் செய்வதற்கு அல்ல. அறிக்கைக்கு முந்தைய இரவு, சில நிமிட இடைவெளியில் நாற்பது பேப்பர்களுக்கு சைன்-ஆஃப் விழுந்திருந்தால், பின்னால் ஃபைலைச் சோதிப்பவர் முதலில் கேட்பது, "இதை எப்போது படித்தீர்கள்?"