விருப்பக் கடிதத்தில் உள்ள எண்ணை விற்பனைக் கணக்கில் போடலாமா?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு ஆலை தொடங்கக் கடன் கேட்டு திட்ட அறிக்கை எழுதுகிறேன். ஒரு மருந்து கம்பெனி, "மாதம் 20,000 பெட்டிகள் வரை உங்களிடம் வாங்க ஆர்வமாக இருக்கிறோம்" என்று லெட்டர் ஆஃப் இன்டென்ட் கொடுத்திருக்கிறது. இதை வைத்து முதல் ஆண்டு விற்பனை 2,40,000 பெட்டி என்று காட்டலாமா?

பதில்: காட்டாதீர்கள். அந்த வாக்கியத்தில் உள்ள "வரை" என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். 20,000 என்பது மேல் எல்லைதான். கம்பெனி ஒரு பெட்டிகூட வாங்காவிட்டாலும் கடிதத்தில் சொன்னது பொய்யாகாது. கடன் அதிகாரி முதலில் தேடுவது கீழ் எல்லையை. உங்கள் கடிதத்தில் அது இல்லை.

கையெழுத்து போட்டவர் யார் என்றும் பாருங்கள். நான் பார்த்த ஒரு விண்ணப்பத்தில் கடிதம் தந்தவர் விற்பனை மேலாளர். சரிபார்க்க வங்கியிலிருந்து போன் செய்தபோது, அந்தக் கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கு விஷயமே தெரியவில்லை. அதன்பிறகு அறிக்கையில் இருந்த நியாயமான எண்களையும் அதிகாரி நம்பவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான், ஏனென்றால் தொழில் நல்ல தொழில். பெட்டி வாங்க முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.

கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோனால் அவர்களுக்கும் வேலை சுலபம். இப்படி இருக்கலாம்:

"இணைப்பில் உள்ள அளவுப்படி 5 அடுக்குப் பெட்டிகள் 500 எண்ணிக்கையை எங்கள் பேக்கிங் பிரிவில் சோதிப்போம். அவை தேறினால், இப்போது நாங்கள் கொடுக்கும் விலைக்கு மிகாத விலையில், மாதம் 12,000 முதல் 20,000 பெட்டிகள் வரை வாங்க உத்தேசித்துள்ளோம். இந்தக் கடிதம் எங்களைக் கட்டுப்படுத்தாது. 12 மாதம் செல்லும். கடன் தருபவரிடம் இதைக் காட்டலாம்."

"கட்டுப்படுத்தாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வரி இருப்பதால்தான் கொள்முதல் மேலாளர் தைரியமாக எண்ணை எழுதுவார். அதை எழுதிவிட்டு, வேறு இடத்தில் "வாங்க ஒப்புக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தகராறு என்று வந்தால் தலைப்பு என்ன என்பதைவிட உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பார்க்கப்படும்.

அப்புறம் கணக்கு. மெஷின் 3ஆம் மாதம் ஓடத் தொடங்குகிறது, 4ஆம் மாதம் சாம்பிள் போகிறது, சோதனை முடிந்து ஒப்புதல் வர 6ஆம் மாதக் கடைசி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் இந்த வாடிக்கையாளருக்கு விற்க மிஞ்சுவது 6 மாதம். கீழ் எல்லையான 12,000-ஐ 6-ஆல் பெருக்கினால் 72,000 பெட்டி. 2,40,000 எங்கே, இது எங்கே! ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கடிதத்தில் ஒரு வரியைக் காட்ட முடிகிற எண் இதுதான். அப்போதும் இது உத்தேசம்தான். அறிக்கையில் "விருப்பம்" என்றே எழுதுங்கள், "ஆர்டர்" என்ற சொல் எங்கும் வரக் கூடாது. கடிதத்தின் நகலைப் பின்னிணைப்பில் வையுங்கள். சோதனையில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தனியாக ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள்.

இந்த எண்ணை உங்கள் பிரேக் ஈவன் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாபமும் நட்டமும் இல்லாமல் ஆலை ஓட மாதம் 15,000 பெட்டி விற்க வேண்டும் என்றால், கம்பெனி கீழ் எல்லையில் வாங்கும் மாதங்களில் 3,000 குறைகிறது. அறிக்கையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த 3,000 எங்கிருந்து வரும் என்பதற்கு. சின்ன வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரிடம் ஆளுக்கு 1,000, 1,500 என்று கடிதம் வாங்கினாலே போதும். ஒரே கம்பெனியை நம்பி இருக்கிறீர்களே என்ற கேள்வியும் அதோடு கொஞ்சம் தணியும். ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் நீங்கள் எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கியது தெரிந்துவிடும். அவரவர் பெட்டி அளவு, அவரவர் நிபந்தனை உள்ளே வரட்டும்.

கம்பெனி கீழ் எல்லை எழுத மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அந்த 500 சாம்பிளுக்காவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேளுங்கள். மெஷின் வரும்வரை வேறொரு ஆலையில் செய்து வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு அவர்கள் பணம் கட்டிய பில், வெறும் ஆர்வம் தெரிவிக்கும் கடிதத்தைவிட அதிகாரி முன் அதிகம் எடுபடும்.