ஆஞ்சைனாவும் மாரடைப்பும்: வித்தியாசம் எங்கே?

"ஸ்டேபிள் ஆஞ்சைனா, அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா, ஹார்ட் அட்டாக், மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?"

இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது வரும் நெஞ்சு இறுக்கம்தான் ஆஞ்சைனா. ஸ்டேபிள் வகையில், இதயத்தின் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருக்கும். படிவு மட்டும் உடையாமல் இருக்கும். பாதி அடைத்த குழாயில் குடம் பிடிக்கலாம், தோட்டத்துக்குப் பாய்ச்ச முடியாது இல்லையா, அப்படி. இரண்டாவது மாடி ஏறும்போது இறுக்கும், உட்கார்ந்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும்.

அதே ஆளுக்கு இந்த வாரம் நாலு படியிலேயே இறுக்குகிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வருகிறது என்றால் கதை மாறிவிட்டது. பெரும்பாலும் படிவின் மேல்தோல் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து வழியை இன்னும் அடைத்திருக்கும். இது அன்ஸ்டேபிள். தசை தவிக்கிறது, இன்னும் சாகவில்லை.

மாரடைப்பிலும் பெரும்பாலும் இதே கிழிசல்தான். ஆனால் தசை சாகத் தொடங்கிவிடும். வலி 20 நிமிடம் தாண்டியும் நிற்கும், வியர்த்துக் கொட்டலாம். சாகும் தசையிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். வலியை மட்டும் வைத்து அன்ஸ்டேபிளையும் மாரடைப்பையும் பிரிக்க முடியாது; அதற்குத்தான் சில மணி நேர இடைவெளியில் மறுபடி ரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்க்கிறார்கள்.

அப்புறம், "ஈசிஜி நார்மல், வெறும் கேஸ்தான்" என்று கிளம்பிவிடாதீர்கள்: அன்ஸ்டேபிளிலும், சில மாரடைப்புகளிலும்கூட, முதல் ஈசிஜி நார்மலாகவே இருக்கலாம்.