ஈ.பி.எஃப். கட்டாத கொம்பனிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கொம்பனியில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். சம்பளச் சிட்டையில் ஒவ்வொரு மாதமும் ஈ.பி.எஃப். என்று 4,800 ரூபாய் கழிக்கிறார்கள். ஆனால் ஆகஸ்ட் 8ஆம் திகதி என் கணக்கை எடுத்துப் பார்த்தால் கடந்த டிசம்பருக்குப் பிறகு எதுவும் விழவில்லை. முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்ப நினைத்திருக்கிறேன்: “சேர், ஏழு மாசமா எங்கட ஈ.பி.எஃப். காசை எடுத்து வச்சிருக்கிறீங்க. இது களவு. உடனே கட்டாட்டி லேபர் ஒஃபிசுக்குப் போவன்.” வேலையும் போகக்கூடாது, காசும் வர வேண்டும். இதைத் திருத்தித் தர முடியுமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் இந்த மூன்று வரியில் கொம்பனிக் கணக்காளர் பிடித்துக்கொள்ள இரண்டு இடம் இருக்கிறது. அவர் பிடிக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை.

முதலாவது, “ஏழு மாசம்”. ஒரு மாதச் சம்பளத்துக்கான ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டினால் போதும் என்பதுதான் சட்டம். ஜூலைச் சம்பளத்துக்கான பணத்துக்கு ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது. அதைக் கட்டவில்லை என்று இப்போது எழுதினால், “ஜூலைக்கு இன்னும் திகதி வரவில்லையே” என்ற ஒரே பதிலில் மற்ற மாதங்களும் மறைந்துபோகும். ஜூன் பணத்துக்கான கடைசி நாள் ஜூலை 31. அதைக் கட்டியிருந்தாலும் உங்கள் கணக்கில் ஏற நாளெடுத்திருக்கலாம். ஆகவே ஜூலையை விட்டுவிடுங்கள், ஜூனைத் தனியாகக் கேளுங்கள். ஜனவரி முதல் மே வரையான ஐந்து மாதத்தை மட்டும் “காணவில்லை” என்று எழுதுங்கள். இந்த ஐந்தில் யாரும் வாதாட முடியாது.

இரண்டாவது, “களவு”. பணம் கட்டப்படவே இல்லை என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. உங்கள் கணக்கில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். இவை இரண்டும் ஒன்றல்ல. கொம்பனி அனுப்பிய பட்டியலில் அங்கத்தவர் இலக்கம் ஒரு எண் பிசகியிருந்தாலோ, அடையாள அட்டை இலக்கம் பழைய ஒன்பது எண் முறையில் ஓரிடத்திலும் புதிய பன்னிரண்டு எண் முறையில் இன்னோரிடத்திலும் இருந்தாலோ, கட்டிய காசுகூட உங்கள் பெயரில் சேராமல் கிடக்கும். பெரும்பாலும் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன், ஐந்து மாதம் தொடர்ந்து பிசகுவது அபூர்வம். ஆனாலும் அந்தச் சாத்தியத்தைக் கடிதத்தில் நீங்களே திறந்துவைத்தால் முதலாளிக்கு மானத்தோடு திருத்திக்கொள்ள ஒரு வழி கிடைக்கும். உங்களுக்கும் அவதூறு என்ற பேச்சு வராது.

இனிக் கடிதத்தில் இல்லாததைப் பார்ப்போம். அதில் தொகை இல்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். உங்கள் 60,000 ரூபாயில் அது 4,800உம் 7,200உம், ஆகமொத்தம் மாதத்துக்கு 12,000 ரூபாய். பலர் சிட்டையில் கழிபட்ட 4,800ஐ மட்டும் பார்த்துவிட்டு அதையே கேட்பார்கள், அதைவிடப் பெரிய 7,200 பேச்சிலேயே வராது. ஐந்து மாதத்துக்கு 60,000 ரூபாய் நிற்கிறது. அதாவது உங்கள் ஒரு மாதச் சம்பளம் முழுவதும். எவ்வளவு சம்பளமானாலும் ஐந்து மாதப் பங்களிப்பு ஒரு மாதச் சம்பளம்தான், இருபது வீதமல்லவா.

அப்புறம் முக்கியமானது: என்ன ஆதாரம் வேண்டும் என்பது. “கட்டியதற்கு ஆதாரம் தாருங்கள்” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், ஒரு காசோலையின் போட்டோப்பிரதி வரும். காசோலை எழுதியதற்கு அது ஆதாரம், பணம் போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. அல்லது முழுக் கொம்பனிக்குமான மொத்தத் தொகை உள்ள வங்கிச் சீட்டு ஒன்று வரும். அதில் உங்கள் பெயர் இருக்காது. மொத்தம் கட்டி, பட்டியலில் உங்கள் பெயரை விட்டிருந்தாலும் அந்தச் சீட்டு அப்படியேதான் இருக்கும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும்: பணம் செலுத்திய பற்றுச்சீட்டு அல்லது இணையவழிக் கொடுப்பனவின் உறுதிப்படுத்தல், அதோடு அந்த மாதத்துக்கு அனுப்பிய ஊழியர் பட்டியலான ‘சீ’ படிவத்தில் உங்கள் பெயரும் இலக்கமும் தொகையும் உள்ள வரி. மற்றவர்களின் சம்பளம் அதே பக்கத்தில் இருக்கும் என்பதால் “காட்ட முடியாது” என்பார்கள். ஆகவே மற்ற வரிகளை மறைத்துத் தந்தால் போதும் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி நல்ல சாக்கு ஒன்றை எடுத்துவிடும்.

மிரட்டலை எடுத்துவிடலாம். தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 சதவீதம் வரை போகும் என்பது கணக்காளருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மாதமும் தொகையும் போட்டு, ஆதாரமும் கேட்டு, ஒரு திகதியும் குறித்து ஒரு ஊழியர் எழுதினால் அடுத்தது எங்கே போகும் என்று அவர் கணித்துக்கொள்வார். தொழில் திணைக்களத்தின் பெயரை முதல் கடிதத்தில் எழுதாமலிருப்பது பயத்தால் அல்ல. இரண்டாவது கடிதத்துக்கு ஏதாவது மிச்சம் வேண்டுமே.

“எங்கட” என்பதையும் “என்” ஆக்குங்கள். மற்ற ஊழியர்களின் கணக்கை நீங்கள் பார்க்கவில்லை. அவர்களுக்கும் வரவில்லை என்றால் அவர்கள் தனித்தனியே இதே மாதிரி எழுதட்டும்.

இதோ கடிதம். உங்கள் இலக்கங்களை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“மதிப்புக்குரிய ஐயா,

ஊழியர் சேமலாப நிதி – 2025 ஜனவரி முதல் ஜூன் வரையான பங்களிப்புகள்
(அங்கத்தவர் இலக்கம்: ……… தேசிய அடையாள அட்டை இலக்கம்: ………)

2025 ஆகஸ்ட் 8ஆம் திகதி பெற்ற எனது ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றில் 2024 டிசம்பர் மாதத்துக்குப் பிந்திய பங்களிப்புகள் எதுவும் பதிவாகவில்லை. 2025 ஜனவரி, பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய ஐந்து மாதங்களின் சம்பளச் சிட்டைகளிலும் எனது பங்காக மாதம் 4,800 ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. நிறுவனத்தின் பங்கான 7,200 ரூபாயையும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் வீதம் இம்மாதங்களுக்கான தொகை 60,000 ரூபாய் ஆகும். கூற்றின் பிரதியையும் ஐந்து சிட்டைகளின் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

இப்பணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டு, இலக்கப் பிழையால் எனது கணக்கில் சேராமல் இருக்கவும் கூடும். ஆகவே இம்மாதங்கள் ஒவ்வொன்றுக்கும், ஜூன் மாதத்துக்கும், பணம் செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதியையும், சீ படிவத்தில் எனது பெயர் உள்ள வரியின் பிரதியையும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஊழியர்களின் விபரங்களை மறைத்துத் தந்தால் போதுமானது. இதே மாதங்களுக்கான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிப் பங்களிப்பு செலுத்தப்பட்ட விபரத்தையும் அறியத் தாருங்கள்.

ஏதாவதொரு மாதத்துக்குச் செலுத்தப்படவில்லை எனில், எத்திகதியில் செலுத்தப்படும் என்பதை எழுத்தில் அறியத் தரவும். ஆகஸ்ட் 26ஆம் திகதிக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
………”

நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு நிதி. அதற்கு உங்கள் சம்பளத்திலிருந்து எதையும் கழிக்கமாட்டார்கள், கொம்பனி தன் கையிலிருந்து 3 சதவீதம் கட்ட வேண்டும். சிட்டையில் கழிபடாததால் அது நின்றுபோனால் எளிதில் தெரிய வராது. அதனால்தான் அந்த வரி.

வாட்ஸ்அப் வேண்டாம். முதலாளி குரல் பதிவில் “பார்ப்பம் தம்பி” என்பார், அதோடு முடிந்தது. மின்னஞ்சலில் முதலாளிக்கு அனுப்பி, கணக்காளருக்கும் ஒரு பிரதி போடுங்கள், உண்மையில் பதில் எழுதப்போகிறவர் அவர்தான். கொம்பனி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒன்று போகட்டும். வேலையை விட்டால் அந்தப் பெட்டி அன்றே மூடப்படும். மின்னஞ்சல் பழக்கமில்லாத கடையென்றால் இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வரக்கூடிய பதில்களில் ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கை. “ஏன் இவ்வளவு பெரிய கடிதம், அந்த 24,000ஐக் கையில் தந்துவிடுகிறேன், ஒரு ஒப்பம் போடுங்கள்” என்று கூப்பிடலாம். உங்கள் 4,800 ஐந்து மாதத்துக்கு 24,000தான், கணக்கு சரி. ஆனால் மிச்சம் 36,000 போய்விடும். பணம் நிதியத்துக்குத்தான் கட்டப்பட வேண்டும், உங்கள் கைக்கு அல்ல. ஒப்பமிடாமல், “கணக்கில் கட்டிவிடுங்கள் ஐயா, அதுதான் எனக்கும் வசதி” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

“கட்டியாயிற்று” என்று பதில் வந்தால் பற்றுச்சீட்டின் திகதியைப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் கட்டிய சீட்டென்றால் உங்கள் கடிதம் வேலை செய்திருக்கிறது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நன்றி என்று எழுதி, சில கிழமை கழித்துக் கணக்கை மறுபடி பாருங்கள். சீட்டும் படிவமும் சரியாக இருந்தும் கணக்கில் ஏறவில்லை என்றால் பிழை இலக்கத்தில் இருக்கலாம். அந்த இரண்டு தாளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்தில் கேட்க வேண்டும்.

26ஆம் திகதி கடந்தும் பதில் இல்லை என்றால் இதே கடிதத்தை, “……… திகதியிட்ட என் முதல் கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை, ஒரு கிழமைக்குள் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுவேன்” என்ற ஒரே வரியை மேலே சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்கோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கோ போகலாம். நியமனக் கடிதம், சிட்டைகள், கணக்குக் கூற்று, இந்த இரண்டு கடிதங்கள் எல்லாவற்றிலும் பிரதி கொடுத்து மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் அதிகாரிக்குக் கொம்பனியின் சம்பளப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்க அதிகாரம் உண்டு. கட்ட மறுத்தால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடவும் திணைக்களத்தால் முடியும்.