தண்ணீரில் விழுந்த போன்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு திருத்துநரின் பதில்கள்

கல்லடிப் பாலத்தடியில் போன் வாவிக்குள் விழுந்துவிட்டது. உடனே எடுத்துவிட்டேன், திரை இருட்டாகவே இருக்கிறது. ஒருதடவை ஓன் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். சார்ஜிலும் போட வேண்டாம். போனைக் கெடுப்பது தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீருக்குள் ஓடும் கரண்டும்தான். வாவித் தண்ணீர் உப்புக் கலந்தது, முகத்துவாரம் பக்கமென்றால் இன்னும் கூட. உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகவே கடத்தும்.

போனுக்குள் இருக்கும் சர்க்கிட் போர்ட்டில் திரை பொருந்தும் கனெக்டரைப் பாருங்கள். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகக் கால்கள் இருக்கும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் அரை மில்லிமீற்றர்கூட இடைவெளி இருக்காது. பட்டனை அழுத்தினால் புதிய லைன்களுக்கெல்லாம் கரண்ட் பாயும். எல்சிடி திரையென்றால் பின்விளக்கு லைனில் மட்டும் 20 வோல்ட்டுக்கும் மேலே ஏறும். அந்தக் காலிலுள்ள செம்பு கரைந்து, ஈரத்தின் வழியே பக்கத்துக் காலை நோக்கி நகர்ந்து படியும். சில நிமிடங்களிலேயே கால் கறுத்து அரித்துப் போகலாம், இல்லாவிட்டால் இரண்டு கால்களும் ஒட்டி ஷோர்ட் ஆகலாம். நிறுத்திவைத்த போனிலும் பற்றரி இணைந்திருப்பதால் சில லைன்களில் 4 வோல்ட் அளவு எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய், முதல் வேலையாகப் பற்றரியைக் கழற்றச் சொல்கிறோம்.

இன்னொன்று: வேறு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் திரை மட்டும்தான் போயிருக்கிறது, உள்ளே கரண்ட் ஓடுகிறது. பவர் பட்டனை நீளமாக அழுத்தி நிறுத்துங்கள். சில மொடல்களில் வொலியூம் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

அரிசிக்குள் மூன்று நாள் வைத்தேன், வேலை செய்தது. இரண்டு கிழமையில் திரும்பவும் செத்துவிட்டது. ஏன்? (அக்கரைப்பற்று)

காய்வது தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருந்த உப்பு அப்படியே போர்ட்டில் தங்கிவிடும். நம் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் திரும்பவும் நனையும், கரண்ட் இருக்கும்வரை அரிப்பு நடந்துகொண்டே போகும். அரிசிக்குத் தண்ணீரை வெளியே இழுக்கும் சக்தியெல்லாம் கிடையாது. மேசையில் சும்மா வைத்திருந்தாலும் அந்த அளவு காய்ந்திருக்கும், சார்ஜ் ஓட்டைக்குள் அரிசித் தூளாவது போயிருக்காது.

இதே மாதிரி ஒரு போன் என் மேசைக்கு வந்தது. சிம் தட்டுக்குள், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வெள்ளை அடையாளம் சிவந்திருந்தது. சார்ஜ் சொக்கெற்றைச் சுற்றிப் பச்சைப் படிவு. பற்றரியைக் கழற்றி, போர்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகு, பவர் சப்ளையில் 4 வோல்ட் கொடுத்தேன். பட்டனைத் தொடாமலே மீட்டர் 0.12 அம்பியர் காட்டியது. நல்ல போர்ட் அந்த நிலையில் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். ஆக, எங்கோ கசிகிறது.

கழுவியது மேலே தெரிந்த இடத்தைத்தான். சிப்புகளை மூடியிருக்கும் தகரக் கவசத்துக்குள் பிரஷ் போகாது. கவசத்தைக் கழற்றி, மேலே அல்கஹோலை மெல்லத் தடவி, கரண்டைக் கொடுத்துப் பார்த்தேன். ஓரிடம் மட்டும் மற்ற இடங்களுக்கு முன்பே உலர்ந்தது. கசிகிற இடம் சூடாகும், அதனால் அங்கே சீக்கிரம் காயும். கடுகை விடச் சின்ன ஒரு கப்பாசிற்றர்! அதை எடுத்ததும் மீட்டர் பூச்சியத்துக்கு இறங்கியது. சொக்கெற்றையும் மாற்றியதும் போன் எழுந்தது.

கடையில் "கவசத்தைக் கழற்றிக் கழுவுவீர்களா?" என்று கேளுங்கள். ஹீற்றர் காற்றில் காயவைத்துத் தருகிறோம் என்றால் வேறு கடை பாருங்கள்.

ஹெயார் டிரையர், வெயில்?

இரண்டும் வேண்டாம். காற்றின் வேகம் துளியை இன்னும் உள்ளே தள்ளும். சூடு போனை மூடி ஒட்டியிருக்கும் பசையை இளக்கும், பற்றரிக்கும் ஆகாது. பின்மூடி உப்பினாலோ இனிப்பான ஒரு கெமிக்கல் மணம் வந்தாலோ வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

ஐபி68 என்று போட்டிருந்த போன், பாசிக்குடாவில் குளித்தபோது செத்தது. எப்படி?

தண்ணீர் புகாது என்று ஐபி68 கொடுப்பதற்கான சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுப் போனில். கடலுக்கு அது பொருந்தாது. வருடம் போகப் பசை தளரும், ஒருமுறை பின்மூடியைத் திறந்து மூடிய போன் என்றால் சொல்லவே வேண்டாம்.

போன் போனால் போகட்டும், பிள்ளையின் படங்கள் மட்டும் வேண்டும். மெமரி சிப்பை எடுத்து வேறு போனில் போட முடியாதா?

இப்போதைய போன்களில் முடியாது. படங்கள் பூட்டப்பட்டே சேமிக்கப்படும், சாவி அதே போர்ட்டின் புரோசசருக்குள் இருக்கும். அதனால் படம் வேண்டுமென்றால் அந்தப் போர்ட்டையே கொஞ்ச நேரமாவது உயிர்ப்பிக்க வேண்டும். திருத்துபவரிடம் "படம்தான் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது அவர் கமராவையோ ஸ்பீக்கரையோ பார்த்துக்கொண்டிராமல், போர்ட் எழும்புவதற்குத் தேவையான லைன்களை மட்டும் சரிசெய்வார். திரையின் கடவுச்சொல்லையும் எழுதிக் கொண்டுபோங்கள். அது இல்லாமல் எழும்பிய போனிலிருந்தும் படம் எடுக்க முடியாது.