மாவு வேலையை முழுசாகக் கொடுங்கள்

கேள்வி: வேலையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் மார்க் போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. கணவரிடம் எப்படிக் கேட்பது?

செய்யாததை எண்ணிக் காட்டாமல், ஏதாவது ஒரு வேலையை முழுசாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது இட்லி மாவு. அரைத்துத் தரச் சொன்னால் அவர் அரைத்துவிடுவார். ஆனால் மாவு தீர்வதைக் கவனிப்பது, மதியமே அரிசி, உளுந்தை ஊறப்போடுவது, கிரைண்டர் கல்லைக் கழுவுவது எல்லாம் என் தலையில்தான். அரைப்பதைவிட அந்த நினைப்புதான் என்னை அலுக்க வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிதானமாகக் காபி குடிக்கும்போது சொன்னேன்: "மாவைப் பத்தி யோசிச்சே அலுத்துப்போச்சுங்க. இனிமே அது முழுக்க உங்க பொறுப்பா இருக்கட்டுமா?" பாத்திரம் தேய்த்துக்கொண்டே "நீங்க ஒருநாளாவது..." என்று ஆரம்பித்திருந்தால் அது சண்டையில்தான் முடிந்திருக்கும்.

முதல் வாரம் உளுந்து ஊறப்போட மறந்தார். வாய்வரை வந்தது, நான் நினைவுபடுத்தவில்லை. மறுநாள் உப்புமா சாப்பிட்டோம். அந்த இடத்தில் நாம் புகுந்துவிட்டால் வேலை திரும்ப நம்மிடமே வந்துவிடும். மாவு கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அவர் கேட்டால் மட்டும் தண்ணீர் அளவு சொல்லுங்கள். இரண்டு மாதம் போகட்டும், அப்புறம் அடுத்த வேலையைப் பேசலாம்.