எல்டிஎல் நார்மல் என்கிறது ரிப்போர்ட், நம்பலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 47. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தேன். மொத்த கொலஸ்ட்ரால் 208, ட்ரைகிளிசரைடு 290, எச்டிஎல் 34, எல்டிஎல் 116, விஎல்டிஎல் 58. வெறும் வயிற்றுச் சர்க்கரை 109. சிகரெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் நண்பர்களோடு கறிதோசையும் இரண்டு பெக்கும் ஆகிவிட்டது. எல்டிஎல் நார்மல்தான், பயப்படாதீங்க என்றார் லேபில் இருந்தவர். மச்சான், முட்டையையும் தேங்காயையும் விட்டுவிடு என்கிறார். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர் என்பதால் மனசு கேட்கவில்லை. இதில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பதில்: கணக்கு எழுதுகிறவருக்கு இது எளிது. ஒரு பேனாவை எடுத்து 208-இலிருந்து 34-ஐக் கழியுங்கள். 174 வரும். அதை ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதன் பெயர் நான்-எச்டிஎல் கொலஸ்ட்ரால். அதாவது நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்டிஎல் போக மிச்சம் இருக்கும் அத்தனை கொலஸ்ட்ராலும். ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய சரக்கு முழுவதும் இந்த மிச்சத்துக்குள் அடங்கிவிடும். பல லேப்கள் இதை அச்சிட்டே தருகின்றன. உங்களுடைய லேப் தரவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை.

கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் 116 இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். அந்த 116 எப்படி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலான லேப்களில் மெஷின் அளப்பது மொத்த கொலஸ்ட்ரால், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆகிய மூன்றைத்தான். மற்றவை கணக்குப் போட்டு எழுதுவது. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால், அதைச் சுமந்து போகும் விஎல்டிஎல்லின் கொலஸ்ட்ரால் வந்துவிடும் என்று ஒரு சூத்திரம் 1972 முதல் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் 290-ஐ ஐந்தால் வகுங்கள், 58. ரிப்போர்ட்டில் அதே 58 இருக்கிறதா? பிறகு 208-இலிருந்து 34-ஐயும் 58-ஐயும் கழித்தால் 116. ஆக, உங்கள் எல்டிஎல் அளந்த எண் அல்ல, கழித்து வந்த எண்.

ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்கும்வரை இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். அது ஏற ஏற, ஐந்தால் வகுப்பது அளவுக்கு மீறிக் கழித்துவிடுகிறது. எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது. உங்கள் 290 நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 174-க்கு இந்தத் தொல்லை இல்லை. அளந்த எண்ணிலிருந்து அளந்த எண்ணைக் கழித்தது அது.

இன்னொரு காரணமும் உண்டு. கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தானாக மிதந்து போவதில்லை, சிறு துகள்களில் ஏறித்தான் போகிறது. ரத்தக்குழாயில் சிக்கலை உண்டாக்குவது, பயணிகள் எத்தனை பேர் என்பதைவிட வண்டிகள் எத்தனை என்பதுதான். காளவாசல் சிக்னலில் நின்று பார்த்திருப்பீர்கள். அறுபது பேர் ஒரே டவுன் பஸ்ஸில் போனால் பஸ் சத்தமில்லாமல் திரும்பிவிடும். அதே அறுபது பேர் பத்து ஷேர் ஆட்டோவில் வந்தால் சிக்னல் அடைத்துக்கொள்ளும். ட்ரைகிளிசரைடு கூடி எச்டிஎல் குறைந்தவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சின்னதாகி, ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் கொஞ்சமாகத்தான் இருக்கும். பயணிகளை எண்ணினால் 116 என்று சாதுவாகத் தெரியும், வண்டிகளோ அதிகம். நம் ஊரில் வயிறு முன்னால் தள்ளிய, சர்க்கரை எல்லையில் நிற்கும் நாற்பதுகளின் ஆண்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த வகை ரிப்போர்ட்தான். வண்டிகளை நேரடியாக எண்ணுவதற்கு அப்போபி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. வசதி இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டாலும் நான்-எச்டிஎல் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்துவிடும்.

சரி, 174 எவ்வளவு இருக்க வேண்டும்? ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும் வரம்பு எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் அப்பா 52-இல் போனது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைவாக உள்ளவருக்கே நான்-எச்டிஎல் 130-க்குக் கீழேயும் எல்டிஎல் 100-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ வந்துவிட்டால் நான்-எச்டிஎல் 100-க்குக் கீழே. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைவிடக் கடுமை. இருப்பதிலேயே இளகிய அளவுகோலை வைத்தாலும் நீங்கள் 44 கூடுதல், அந்த 116-ம் கூடுதல்தான். 55 வயதுக்கு முன்பே அப்பாவுக்கு மாரடைப்பு, சர்க்கரை 109 என்று எல்லையைத் தாண்டி நிற்பது, இரண்டும் சேர்ந்தால் உங்களை ‘ஆபத்து குறைவு’ பட்டியலில் நான் போட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சமாச்சாரத்துக்கு வருவோம். மதுவும் கொழுப்பான சாப்பாடும் ட்ரைகிளிசரைடை நன்றாக ஏற்றிவிடும், மறுநாள் காலையிலும் அது முழுக்க இறங்கியிருக்காது. ஆகவே 290-இல் ஒரு பங்கு அந்தக் கறிதோசைக்கும் பெக்குக்கும் சேர வேண்டியது. எவ்வளவு என்பது மறுபடி எடுத்தால்தான் தெரியும். மொத்த கொலஸ்ட்ராலும் எச்டிஎல்லும் ஒரு வேளைச் சாப்பாட்டால் பெரிதாக அசையாது, அதனால் 174-ஐ ‘அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு’ என்று தள்ளிவிட முடியாது.

மச்சான் சொன்னதில் பாதி சரி, ஆனால் இலக்கு தவறு. தேங்காயிலும் ஆட்டுக் கொழுப்பிலும் வனஸ்பதியிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும், குறைப்பது நல்லதுதான். சட்னிக்குக் கொஞ்சம் தேங்காய் போட்டால் ஒன்றும் ஆகாது. தினம் ஒரு முட்டை பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மாற்றம் செய்வதில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது 290-உம் 34-உம். அவற்றின் பின்னால் இருப்பது பெரும்பாலும் அரிசி, மைதா, சர்க்கரை, மது, அப்புறம் வயிறு. தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றித்தான் ரத்தத்தில் ஏற்றுகிறது.

ஜவுளிக் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை டீ வரும் என்று எனக்குத் தெரியும். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், ஏறக்குறைய 40 முதல் 50 கிராம். எண்ணெயே தொடாமல் இருந்தாலும் இந்த டீ ஒன்றே ட்ரைகிளிசரைடை இறங்க விடாது. எனவே முதல் வேலையாக டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். ராத்திரி பரோட்டாவுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலோ சுண்டலோ முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மதுவை அடியோடு விட்டுப் பாருங்கள். கடைக்கு வண்டியில் போகிறவராக இருந்தால், தெப்பக்குளத்தையோ பக்கத்துப் பூங்காவையோ தினம் முப்பது நாற்பது நிமிடம் வேகமாகச் சுற்றுங்கள். அப்படியே தொப்புள் மட்டத்தில் ஒரு டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். பேன்ட் சைஸை நம்ப வேண்டாம், வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் அது பொய் சொல்லும். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நான் சொன்ன கதை உங்களுக்குப் பொருந்துகிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல், காய்ச்சல் எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து, அதே லேபில். அப்போது உங்களைக் குழப்பப்போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. என்னிடம் வரும் உசிலம்பட்டி மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு முதல் ரிப்போர்ட்டில் மொத்தம் 214, எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 350, எல்டிஎல் 108. மூன்று மாதம் மதுவை விட்டு, நடந்து, நாலு கிலோ குறைத்தார். அடுத்த ரிப்போர்ட்டில் மொத்தம் 196, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 180, எல்டிஎல் 122. “இவ்வளவு கஷ்டப்பட்டும் கெட்ட கொலஸ்ட்ரால் 14 ஏறிப்போச்சே சார்” என்று காகிதத்தை மேசையில் போட்டார். ஏறவில்லை. ட்ரைகிளிசரைடு குறைந்ததால் சூத்திரத்தில் கழிக்கிற தொகை 70-லிருந்து 36 ஆகிவிட்டது, முன்பு மறைந்திருந்தது வெளியே தெரிந்தது. அவருடைய நான்-எச்டிஎல்லைப் பாருங்கள்: 178-லிருந்து 158. இறங்கித்தான் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால் பதறாமல், பழைய 174-க்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதி ஒப்பிடுங்கள்.

எச்டிஎல் 34 என்பதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். மருந்து கொடுத்து அதை ஏற்றிப் பார்த்த பெரும்பாலான ஆராய்ச்சிகளில் மாரடைப்பு குறையவில்லை. நடையும் இடுப்பளவும் சரியானால் அது கொஞ்சம் ஏறும், ஏறாவிட்டாலும் நாம் துரத்துவது 174-ஐத்தான். ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கும் விகிதங்களை விட்டுவிடுங்கள், மேலே இருக்கும் எண்களையே வகுத்துப் போட்டவை அவை. ட்ரைகிளிசரைடு எப்போதாவது 500-ஐத் தாண்டினால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், அது கணையத்தையே வீங்கச் செய்யக்கூடிய அளவு.

மாத்திரை வேண்டுமா என்பதை இந்த ஒரு காகிதத்தை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய் உறுதியாகியிருந்தாலோ கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை. உங்களுக்கு இரண்டாவது ரிப்போர்ட்டிலும் நான்-எச்டிஎல் 130-க்கு மேலேயே நின்றால், அப்பாவின் வயதை மனதில் வைத்து, ஸ்டாடின் தொடங்கச் சொல்லும் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் அதற்கு முன் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச் மூன்றும் தெரிய வேண்டும். தைராய்டு குறைந்தாலே கொலஸ்ட்ரால் ஏறும், அதைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது சரியல்ல. அப்பா சீக்கிரம் போனதால் லைப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையையும் வாழ்நாளில் ஒரு தடவை செய்துவிடுங்கள். அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் மாறாது, 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சில் பாரமோ, இடது கை, தாடைப் பக்கம் இழுக்கிற வலியோ வந்தால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே 108-க்கு போன் செய்யுங்கள். இல்லாவிட்டால் இந்த வாரத்துக்குள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, 174 என்று வட்டம் போட்ட காகிதத்தோடு உங்கள் டாக்டரிடம் போய் வாருங்கள்.