மெயில் தலைப்பில் ‘அவசரம்’ போடலாமா?

கல்லடி: அக்கா, கொழும்பில் இருக்கும் மேலாளர் என் மெயிலைத் திறக்கிறதே இல்லை. ‘மிக அவசரம்!!! உடன் கவனிக்கவும்’ என்றுதான் போட்டேன்.

தங்கச்சி, அதைப் பார்த்து என்ன வேலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் விபரத்தைப் பார்த்தால், கிணறு வெட்டியவருக்குக் காசு கொடுக்க அவருடைய ஒப்புதல் வேண்டும். வெள்ளி போயா. வியாழன் மத்தியானத்துக்குள் கடிதம் வங்கிக்குப் போகாவிட்டால் திங்கள்தான் காசு. அதையே போடுங்கள்:

‘ஒப்புதல் வேண்டும், வியாழன் 14, பகல் 12க்குள்: வாழைச்சேனை கிணறு’

போனில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும், தமிழ் எழுத்தும் அகலமானது. அதனால் வேலையும் நாளும் முன்னுக்கு, கிணறு பின்னுக்கு. ‘தயவுசெய்து’ உள்ளே முதல் வரிக்குப் போகட்டும், போயா விஷயத்தோடு சேர்ந்து. காரணம் தெரிந்தால் அவருக்கு அது அதட்டலாகப் படாது.

ஏறாவூர்: ‘நாளைக்குள்’ என்று போட்டால் சுருக்கம்தானே?

அவர் நாளைக்குத் திறந்தால் அது நாளை மறுநாள் ஆகிவிடும். ஒருமுறை இரவு பத்து மணிக்கு ‘நாளை கூட்டம்’ என்று அனுப்பினேன். இரண்டு பேர் காலையில்தான் பார்த்தார்கள், ஒரு நாள் பிந்தி வந்து பூட்டிய கதவைத் தட்டினார்கள். கிழமையும் திகதியும் போடுங்கள்.

அக்கரைப்பற்று: ராத்தா, ‘அவசரம்’ என்று போட்டால்தான் எங்கட ஆக்கள் பார்க்கிறாங்க. அனுபவத்தில் சொல்றேன்.

முதல் இரண்டு தடவை பார்ப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது தடவை ஆறுதலாகத் திறக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் காரியத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை வையுங்கள்.

களுவாஞ்சிக்குடி: அப்படி என்றால் போனே எடுக்கலாமே, மெயில் எதற்கு?

அக்கரைப்பற்று: போனில சொன்னதுக்கு அத்தாட்சி எங்ககா? பிறகு ‘நான் கேட்கவே இல்லை’ என்பாங்க.

களுவாஞ்சிக்குடி: திறக்காத மெயில் என்ன அத்தாட்சி?

இரண்டு பேரும் பாதி பாதி சரி. நான் மெயிலை அனுப்பிவிட்டு, போன் எடுத்துச் சொல்வேன். மேலதிகாரிக்கு எடுப்பது மரியாதையா என்று இன்னும் யோசிப்பதுண்டு, அது ஆளைப் பொறுத்தது.

கல்முனை: அவுட்லுக்கில் சிவப்பு ஆச்சரியக்குறி இருக்கே, அதைப் போட்டால்?

அவர் ஜிமெயிலில் பார்த்தால் அது தெரியாது. நீங்கள் மட்டும் திருப்திப்படலாம்.

சம்மாந்துறை: அக்கா, ‘அவசரம்’ போடலாமா கூடாதா?

தம்பி, மேலே வாசியுங்கள்.

காத்தான்குடி: என் மெயில் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.

அது என் வேலை இல்லை, உங்கள் அலுவலகத்தில் கணினி பார்க்கிறவரைக் கேளுங்கள்.

ஆரையம்பதி: பதில் வரவில்லை. ‘இரண்டாம் நினைவூட்டல்’ என்று தலைப்பை மாற்றவா?

வேண்டாம், அது குற்றச்சாட்டு மாதிரி இருக்கும். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் புதுத் தொடராகப் பிரிந்தும் போகும், பழைய இணைப்பை அவர் தேடவேண்டும். அனுப்பிய மெயிலுக்கே நீங்கள் பதில் போட்டு, ‘வியாழன் வரை நேரம் இருக்கிறது, விபரம் கீழே’ என்று ஒரு வரி எழுதுங்கள். கெடு நாளே மாறியிருந்தால் மட்டும் புதுத் தலைப்பு. பழைய திகதியோடு ஒரு மெயில் கிடந்தால் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியாது.